பக்க எண் இடிக்கிறதா? வழக்குச் சுருக்கத்தை வழக்கேட்டோடு சரிபார்க்கும் வழி

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் 16 வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். எங்களிடம் அதிகம் வருவது தோட்டத் தொழிலாளரின் வேலைநீக்க வழக்குகள். தொழில் நியாய சபையின் தீர்ப்பை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தால், எழுத்துமூலச் சமர்ப்பணத்தின் தொடக்கத்தில் வழக்குச் சுருக்கம் ஒன்று வரும். அதில் சொல்லும் ஒவ்வொரு விடயத்துக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைத் திறந்து பார்ப்பது என் வேலை.

இந்த மேன்முறையீடு சட்டப் பிரச்சினை ஒன்றின் மீது மட்டுமே போக முடியும். அதனால் ‘நியாய சபை சாட்சியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை’ என்று வெறுமனே சொன்னால் போதாது. எந்தச் சாட்சியம் எந்தப் பக்கத்தில் இருந்தும் கவனிக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும். ஒரு எண் பிழைத்தால் அந்த வாதத்துக்கே கால் இல்லாமல் போகும்.

எங்கள் பக்கத்தில் மூன்று மொழிகள் ஒன்றையொன்று தாண்டுகின்றன. தொழிலாளி தமிழில் பேசுகிறார். மொழிபெயர்ப்பாளரான முதலியார் அதைச் சிங்களத்தில் சொல்ல, சிங்களத்தில் பதிவாகிறது. எங்கள் சட்டத்தரணியான சேர் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறார். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்தத் தாண்டலில் விழுந்தவை.

உதாரணமாக ஒரே வழக்கை எடுத்துக்கொள்கிறேன். கொழுந்து பறிக்கும் ஒரு பெண். தோட்டத் தரப்பு ‘இவர் தானாக வேலையைக் கைவிட்டார்’ என்றது. அவர் ‘என்னை நிறுத்திவிட்டார்கள்’ என்றார். அடையாளம் தெரியாதபடி எண்களையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

## தொடங்கும் முன்

சுருக்கத்தை அப்படியே வாசித்துச் சரிபார்க்க முடியாது. அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வொரு விடயத்தையும் தனித்தனியாகக் கோடிட்டுப் பிரியுங்கள். ‘1998 முதல் வேலை செய்த விண்ணப்பதாரர் விடுமுறை கேட்டார், தோட்ட முகாமையாளரான துரை மறுத்தார் (பக். 83)’ என்ற ஒரு வாக்கியத்தில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. எண் ஒன்றுதான் இருக்கிறது. 83ஆம் பக்கம் கடைசி விடயத்தைத்தான் சொல்லும். முதல் இரண்டும் வேறெங்கோ இருக்கும், இல்லாமலும் போகலாம்.

பிரித்ததும் ஒரு கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: விடயம், சுருக்கம் தரும் பக்கம், நான் கண்ட பக்கம், அங்கே பேசுபவர் யார். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் என்ன கெடும் என்பது மூன்றாவது அறிகுறியில் வரும்.

முடிந்தால் இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் சுருக்கத்தை வாசிக்க, மற்றவர் பிரீஃபை, அதாவது மேன்முறையீட்டுக்காக நகலெடுத்துக் கட்டிய வழக்கேட்டை, திறக்க வேண்டும். எழுதியவரே திறந்தால், தான் நினைத்தது அங்கே இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும்.

## அறிகுறி 1: பக்கத்தைத் திறந்தால் அந்த விடயமே இல்லை

பதற வேண்டாம். வேறு ஐந்து எண்களை எடுத்துப் பாருங்கள், அவையும் அப்படியா என்று.

### ஐந்தும் ஒரே அளவில் தள்ளி நிற்கின்றன

இதுதான் மிகவும் சாதாரணமான காரணம், செலவும் இல்லை. ஒரு தாளில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். அன்றைய விசாரணைக்கு மட்டும் தட்டச்சாளர் இட்ட எண் ஒன்று. வழக்கு நடந்த காலத்தில் எங்கள் பிரதியில் நாங்கள் பென்சிலால் இட்ட எண் இன்னொன்று. மேன்முறையீட்டுக்காகப் பிரீஃப் கட்டும்போது இட்ட எண் மூன்றாவது. நீதிபதியின் கையில் இருப்பது பிரீஃப்தான். ஆகவே அந்த எண் மட்டுமே செல்லும்.

எங்கள் வழக்கில் சேர் பழைய அலுவலகப் பிரதியை வைத்து எழுதியிருந்தார். எங்கள் 20, பிரீஃபில் 58. எங்கள் 45, பிரீஃபில் 83. வித்தியாசம் 38. பிரீஃபில் முன்பக்கம் மேன்முறையீட்டு மனுவும் மற்றப் பத்திரங்களும் சேர்ந்ததால் அந்த 38 வந்திருக்கிறது.

இங்கே பெரும்பாலானவர்கள் எல்லாவற்றோடும் 38ஐக் கூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் முன்பு அப்படித்தான் செய்தேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் சோதித்த பிறகே கூட்டுங்கள்.

### தள்ளல் ஓரிடத்தில் மாறுகிறது

எங்கள் 61 வரை 38 தள்ளல். எங்கள் 62ஐத் தேடினால் பிரீஃபில் 101இல் இருக்கிறது, அதாவது 39. அப்படியானால் பிரீஃபின் 100ஆம் பக்கம் எங்கள் பிரதியில் இல்லவே இல்லை.

காரணம் மழைக்காலம். ஜூன், ஜூலையில் இங்கே தாள் எல்லாம் நனைந்த மாதிரியே இருக்கும். போட்டோகொப்பி எடுக்கும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்விடும். நாங்கள் நகல் எடுத்த பிறகு எண் போட்டதால் இடைவெளி தெரியவில்லை, 61, 62 என்று தொடர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்து வாசிப்பது. எங்கள் 61 ஒரு கேள்வியோடு முடிந்தது. 62 இன்னொரு கேள்வியோடு தொடங்கியது. நடுவே பதில் இல்லை.

பிரீஃபின் 100ஐத் திறந்தோம். 99ஆம் பக்கத்தின் அடியில், குறுக்கு விசாரணையில், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருந்தது: அந்தப் பெண் அன்று காலை உங்கள் வீட்டுக்கு வந்து விடுமுறை கேட்டாரா? 100இன் முதல் வரி: ஆம், வந்தார், துரையிடம் சொல்லச் சொன்னேன். வேலையைக் கைவிடும் எண்ணம் உள்ளவர் விடுமுறை கேட்டு வரமாட்டார். தோட்டத் தரப்பின் சாட்சியே எங்களுக்குச் சாதகமாகச் சொன்ன பதில் அது. சுருக்கத்தில் அது இல்லவே இல்லை, ஏனென்றால் எழுதியவர் அந்தப் பக்கத்தைக் கண்டதே இல்லை.

### பிரீஃபிலேயே பக்கம் குறைகிறது, அல்லது வரிசை மாறியிருக்கிறது

இது செலவுள்ள கோளாறு. முதலில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் பிரீஃபைக் கேட்டுப் பாருங்கள், குறை உங்கள் பிரதியில் மட்டும் இருக்கலாம். அதுவும் அப்படியே என்றால் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் மூல வழக்கேட்டைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு தலவாக்கலை, நானுஓயா வழியாகப் பஸ்ஸில் போய்வர ஒரு நாள் போய்விடும், அதனால் சந்தேகமுள்ள எல்லாப் பக்கங்களையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு ஒரே தடவையில் போங்கள்.

மூலத்தில் பக்கம் இருந்து பிரீஃபில் இல்லையென்றால் எழுதுவினைஞர் அத்தோடு நிறுத்த வேண்டும். நகர்த்தல் பத்திரம் என்ற கோரிக்கையை நீதிமன்றத்தில் போட்டு அதைச் சேர்ப்பிப்பது சட்டத்தரணியின் வேலை. நாங்களே ஒரு தாளை நகலெடுத்து நடுவில் செருகவே கூடாது.

## அறிகுறி 2: விடயம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது

கேள்வி ஒரு பக்கத்தின் அடியிலும் பதில் அடுத்த பக்கத்தின் மேலும் விழுந்திருக்கும். ‘பக். 99–100’ என்று எழுதிவிடுங்கள். ஒரு விடயத்துக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் நீட்டி எழுதியிருந்தால் அது எண் அல்ல, தேடச் சொல்லிவிட்டு ஒதுங்குவது. வரியைக் கண்டுபிடித்துச் சுருக்குங்கள்.

## அறிகுறி 3: சொற்கள் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் அது கேள்வி

மற்ற எல்லாக் கோளாறையும் விட இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. எண் சரியாக இருக்கும், சொற்கள் சரியாக இருக்கும், பார்ப்பவர் சரி போட்டுவிட்டுப் போவார்.

சிங்களப் பதிவில் கேள்விக்கு முன்னால் ‘ப்ர’ என்றும் பதிலுக்கு முன்னால் ‘உ’ அல்லது ‘பி’ என்றும் சுருக்கமாக இருக்கும். நகல் மங்கலாக இருந்தால் அந்த ஓர் எழுத்து போய்விடும். அப்போது சட்டத்தரணி கேட்டதும் சாட்சி சொன்னதும் ஒன்று போலவே தெரியும். குறுக்கு விசாரணையில் சட்டத்தரணி தன் தரப்புக் கதையைச் சாட்சியின் முன் வைப்பார். அந்த வரியில் பெரும்பாலும் ‘யோஜனா கரனவா’ என்ற சொல் நிற்கும். அந்தச் சொல்லைக் கண்டால் உடனே நின்று பதிலைத் தேடுங்கள். சாட்சி ஒத்துக்கொண்டால்தான் அது அவர் சாட்சியம். மறுத்தால் அது சட்டத்தரணியின் பேச்சு மட்டும்தான்.

### கேள்வியும் பதிலும் முழுதாகப் பொருந்துகின்றனவா?

எங்கள் ஜூனியர் சட்டத்தரணியான மிஸ் சுருக்கத்தின் ஒரு பகுதியில் இப்படி எழுதியிருந்தார்: ‘விண்ணப்பதாரர் மார்ச் 14, 15, 16 ஆகிய மூன்று நாட்களும் வேலைக்குச் சென்றார், திருப்பி அனுப்பப்பட்டார் (பக். 118).’ 118ஐத் திறந்தேன். மூன்று தேதிகளும் அங்கே இருந்தன. திருப்பி அனுப்பியதும் இருந்தது. நானும் சரி போடப் போனவன், நான்காவது நிரலை நிரப்பும்போது நின்றேன். மூன்று தேதிகளையும் சொன்னவர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. கேள்வி இது: 14, 15, 16 மூன்று நாளும் வந்ததாகச் சொல்கிறீர், வரவுப் பதிவேடான செக்ரோலில் பெயர் இல்லையே? பதில் இது: 14, 15 போனேன், திருப்பி அனுப்பினார்கள். 16 போகவில்லை, பிள்ளைக்குச் சுகமில்லை.

“மிஸ், இவங்க சொன்னது ரெண்டு நாள் தான்” என்றேன்.

“மூணுன்னு எழுதியிருக்கே அண்ணன், நான் பார்த்துத்தானே எழுதினேன்?”

“கேள்வியில மூணு. பதில்ல ரெண்டு.”

அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, வாக்கியத்தை ‘இரண்டு நாட்கள்’ என்று மாற்றி, 16ஆம் தேதி ஏன் போகவில்லை என்பதையும் அதே பக்க எண்ணோடு சேர்த்தார். மறைத்திருந்தால் எதிர்த்தரப்பு அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் சந்தேகத்துக்குள் தள்ளியிருக்கும்.

வெறும் ‘ஆம்’ என்ற பதிலும் இப்படித்தான். கேள்வியில் இரண்டு பகுதி இருந்து சாட்சி ஒரே ‘ஆம்’ சொல்லியிருந்தால், எந்தப் பகுதிக்கு என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதிச் சேரிடம் காட்டுங்கள்.

### அதே சாட்சி பின்னால் வேறு மாதிரிச் சொன்னாரா?

பக்கத்தைக் கண்டதும் மூடிவிடாதீர்கள். அந்தச் சாட்சியின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மீள் விசாரணை மூன்றிலும் அதே விடயம் வருகிறதா என்று பாருங்கள். முதல் விசாரணையில் சொன்னதைக் குறுக்கு விசாரணையில் விட்டுக்கொடுத்திருந்தால், முதல் பக்கத்தை மட்டும் காட்டுவது தவறு. இரண்டு பக்கத்தையும் கொப்பியில் எழுதுங்கள். எதை எப்படிச் சொல்வது என்பதைச் சட்டத்தரணி முடிவு செய்வார்.

எங்கே தேடுவது என்று தெரிய, யார் முதலில் சாட்சி சொன்னார் என்று பாருங்கள். வேலைநீக்கியதை நிருவாகம் ஒத்துக்கொண்டால் அவர்கள் தரப்பு முதலில் தொடங்கும். மறுத்தால் தொழிலாளி தொடங்குவார். இந்த வழக்கில் நிருவாகம் மறுத்தது. ஆனாலும் கணக்கப்பிள்ளை 99இலும் அந்தப் பெண் 118இலும் இருந்தது எனக்கு இடித்தது. ஒவ்வொரு தவணையும் நடந்ததைச் சொல்லும் நாட்குறிப்புப் பதிவுகளை வழக்கேட்டில் பார்த்தபோது, கணக்கப்பிள்ளை தூரத் தோட்டத்துக்கு மாற்றலாகப் போவதால் இரண்டு தரப்பும் சம்மதித்து அவரை முதலில் விசாரித்தது தெரிந்தது. பிரீஃபின் வரிசை சரிதான். இடிக்கிறது என்று தோன்றினால் நாட்குறிப்புப் பதிவைப் பாருங்கள், அங்கே காரணம் பெரும்பாலும் இருக்கும்.

## அறிகுறி 4: வினைச்சொல் இருக்கிறது, செய்தவர் யார் என்று தெரியவில்லை

சுருக்கத்தில் ஆங்கிலத்தில் ‘அவள் வேலையை நிறுத்தினாள்’ என்று பொருள்படும்படி இருந்தது. பக்கம் 115. பதிவில் இருந்தது ‘வெட நெவெத்துவா’. வேலையை நிறுத்தியது என்பது வரைக்கும் சரி. நிறுத்தியது யார்?

தமிழில் ‘நிறுத்தினேன்’ என்றால் நான், ‘நிறுத்தினாங்க’ என்றால் அவர்கள், முடிவிலேயே தெரிந்துவிடும். பேச்சுச் சிங்களத்தில் அந்த வினை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தப் பெண் ‘வேலைய நிறுத்திட்டாங்க’ என்று சொல்லியிருப்பார், முதலியாரும் சரியாகத்தான் சொன்னார், தட்டச்சில் எழுவாய் இல்லாமல் பதிவாகியிருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுவாய் போட்டே ஆக வேண்டும், எழுதியவர் அருகில் இருந்த பெண்ணையே போட்டுவிட்டார். எங்கள் சுருக்கமே எங்கள் கட்சிக்காரரை வேலையைக் கைவிட்டவராக ஆக்கிவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது, முன்னால் உள்ள நான்கு பதில்களையும் பின்னால் உள்ள நான்கையும் வாசிப்பது. இங்கே முந்திய பதில் ‘துரை செக்ரோலில் பெயர் போட வேண்டாம் என்றார்’ என்று இருந்தது. ஆகவே நிறுத்தியவர் துரை. சுருக்கத்தில் ‘பக். 115, முந்திய பதிலோடு சேர்த்து வாசிக்க’ என்று போட்டோம்.

சுற்றியுள்ள பதில்களாலும் தெளியவில்லை என்றால் சிங்களச் சொற்களை அப்படியே மேற்கோளாகக் கொடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கேளுங்கள். கட்சிக்காரரைக் கூப்பிட்டு ‘நீங்க என்ன சொன்னீங்க’ என்று கேட்டு அதை எழுதிவிடக் கூடாது. அவர் இப்போது சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது வழக்கேட்டில் இல்லை. மொழிபெயர்ப்பே பிழையாகப் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தால் அதைத் திருத்த முயல்வது சட்டத்தரணியின் வேலை.

பெயர்களும் இதே வழியில் மாறும். ஒரே ஆளின் பெயர் சிங்களத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தோட்டத்தில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். செக்ரோல் எண்ணை வைத்தே ஆளை உறுதி செய்யுங்கள்.

## அறிகுறி 5: ஆவணக் குறி பொருந்தவில்லை

சுருக்கத்தில் ஏ3, ஆர்2 என்று இருக்கும். சிங்களப் பதிவில் ஏ, ஆர் இருக்காது. விண்ணப்பதாரரின் ஆவணங்கள் ‘இ’ என்றும் எதிர்த்தரப்பினுடையவை ‘வ’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் மொழி மாறியதுதான் குழப்பம், ஆவணம் சரியாகவே இருக்கும். முதல் பக்கத்திலேயே எது எதற்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

மொழி மாற்றமும் இல்லை என்றால், அந்த ஆவணம் உண்மையில் குறியிடப்பட்டதா என்று பாருங்கள். சாட்சியிடம் காட்டியதற்கும் குறியிட்டதற்கும் வித்தியாசம் உண்டு. குறியிட்ட இடத்தில் ‘நிரூபிப்புக்கு உட்பட்டு’ என்று எதிர்ப்புப் பதிவாகியிருக்கிறதா, பின்னால் யாராவது அதை நிரூபித்தார்களா, வழக்கை முடிக்கும்போது எதிர்ப்பு தொடர்ந்ததா என்று மூன்று பக்கங்களையும் குறித்துக்கொடுங்கள். அந்த மூன்றையும் வைத்து ஆவணம் சாட்சியமாகுமா என்று சொல்வது எழுதுவினைஞரின் வேலை அல்ல, சேரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 6: எங்கே தேடினாலும் இல்லை

பிரீஃப் முழுவதும் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் விடயம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். முதலில் மனுவையும் பதில் மனுவையும் பாருங்கள். அங்கே இருந்தால் அது ஒரு தரப்பின் கூற்று மட்டும். மறுதரப்பு ஒத்துக்கொண்டிருந்தால் அந்த ஒப்புதலின் பக்கத்தைக் கொடுக்கலாம், இல்லையென்றால் ‘சொல்லப்பட்டிருக்கிறது’ என்று வாக்கியத்தை மாற்ற வேண்டும். அப்புறம் நியாய சபையின் தீர்ப்பைப் பாருங்கள். தலைவர் சாட்சியத்தைச் சுருக்கிச் சொன்னதைச் சிலர் சாட்சியமாகவே எடுத்துவிடுகிறார்கள். மேன்முறையீட்டில் நாங்கள் குறை சொல்வதே அந்தத் தீர்ப்பைத்தான், அதையே ஆதாரமாகக் காட்ட முடியாது.

எங்கள் வழக்கில் கடைசியாக மிஞ்சியது ஒரு வரி: ‘விண்ணப்பதாரர் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததால் துரைக்கு அவர் மீது கோபம்.’ எண் 92 என்று இருந்தது. 92இல் கொழுந்து நிறை பற்றிய பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் முழுப் பிரீஃபையும் ஒரு பின்னேரம் முழுக்கப் புரட்டினோம். பிறகு மிஸ்ஸுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் முதன்முதலாக அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னது அது. மிஸ்ஸின் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் அவரிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

அது உண்மைதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மிஸ் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு, அதே இடத்தில் கணக்கப்பிள்ளையின் பதிலை எழுதினார், பக். 99–100.